ஒரு வருஷம் ஆச்சு, ரேட் ஏத்தணும்: ஃப்ரீலான்சர் கேள்விகளுக்குப் பதில்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து: ஜவுளிக்கடைக்கு மாசம் 12 போஸ்டர், 8,000 ரூபாய். போன மாசம் 17 செஞ்சு குடுத்தேன். எவ்வளவு ஏத்தலாம் அண்ணா?

ஏற்றும் முன் அந்த 17-ஐப் பாருங்கள் தம்பி. 12 போஸ்டருக்கு 8,000 என்றால் ஒன்றுக்கு 667 ரூபாய். 17 கொடுத்தால் அது 471 ஆகிறது. கடைக்காரர் ரேட்டைக் குறைக்கவில்லை, வேலைதான் கூடிப்போயிருக்கிறது. ஒரு வருஷம் பழகிய எல்லா மாதக் கணக்கிலும் இது நடக்கும். ஸ்டேட்டஸுக்கு ஒரு அளவு, பிளெக்ஸுக்கு ஒரு அளவு, "சும்மா ஒரு சின்ன மாத்தம்" என்று ஏறிக்கொண்டே போகும்.

மூன்று மாத வாட்ஸ்அப்பைப் புரட்டி, போன வேலையையும் மணியையும் எழுதுங்கள். 17 போஸ்டருக்கு 40 மணி நேரம் போனால் மணிக்கு 200 ரூபாய். இனி 10,000 என்று வைத்து, 12 போஸ்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருத்தம், 12-க்கு மேல் போகும் ஒவ்வொரு போஸ்டருக்கும் 850 என்று எழுதிக் கொடுங்கள். 12 போஸ்டருக்கு ஏறக்குறைய 28 மணி. மணிக்கு 357 வருகிறது. கடைக்காரர் கண்ணுக்குத் தெரிவது 25 சதவீத ஏற்றம்தான்.

இதில் தவறுவது ஒரே இடத்தில்: 13-வது போஸ்டர் கேட்டதும் "பரவால்லைங்க" என்று செய்துவிடுவது. முதல் மாதமே அதற்குத் தனி வரியாக பில் போடவில்லை என்றால் பழைய கணக்கே திரும்பிவிடும்.

தர்மபுரியிலிருந்து: எப்படிச் சொல்றதுன்னே தெரியலங்க. பில்லோட சேர்த்து அனுப்பிடலாமா?

வேண்டாம் மேடம். பில்லைப் பார்ப்பவர் கணக்குப்பிள்ளை. முதலாளிக்கு விஷயம் போய்ச் சேரும்போது "சொல்லாம ஏத்திட்டாங்க" என்று போகும். முதலில் முதலாளிக்கு போன், அன்றைக்கே எழுத்தில் ஒரு செய்தி. குறைந்தது 30 நாள் இடைவெளி விடுங்கள். செய்தி இவ்வளவு போதும்:

"வணக்கம் சார். ஏப்ரல் 1 முதல் மாதக் கட்டணம் 10,000 ரூபாய். இதில் 12 போஸ்டர், ஒவ்வொன்றுக்கும் 2 திருத்தம் அடங்கும். மார்ச் மாத வேலைக்குப் பழைய கட்டணம்தான்."

பெட்ரோல், வாடகை, விலைவாசி எதையும் எழுத வேண்டாம். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தோடு பேரம் ஆரம்பிக்கும். "உங்களுக்கு ஓகேவா?" என்றும் முடிக்காதீர்கள். நேரமும் பார்க்கணும்: மாங்கூழ் ஆலைக்கு மே, ஜூனில் சொன்னால் சீசனில் கழுத்தைப் பிடிப்பதாகத்தான் நினைப்பார்கள். பிப்ரவரியில் சொல்லுங்கள்.

ஓசூரிலிருந்து: எல்லாருக்கும் ஒரே நாள்ல சொல்றதுதானே நியாயம்?

ரேட் ஒன்றாக இருப்பது நியாயம்தான், சின்ன ஊரில் முதலாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். நாள் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. முதலில் புதிதாக விசாரிப்பவரிடம் புது ரேட்டைச் சொல்லிப் பாருங்கள். பிறகு, போனாலும் கை கடிக்காத வாடிக்கையாளர். வருமானத்தில் பாதி தருபவர் கடைசி. ஓசூர் கம்பெனி பர்ச்சேஸ் ஆர்டர் கொடுத்திருந்தால் அது முடியும் தேதி வரை அதிலுள்ள ரேட்தான். புதுப்பிக்கும் முன்பே புது கொட்டேஷன் போய்ச் சேரணும்.

மத்தூரிலிருந்து: ரேட் ஏத்தினா ஜிஎஸ்டியும் போடணும்ல? பெங்களூரு கிளையன்ட் வேற இருக்காங்க.

ரேட்டுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. சேவை வேலையில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம், கர்நாடகக் கம்பெனிக்குச் செய்யும் சேவைக்கும் அதே வரம்பு. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி போடக் கூடாது. கம்பெனி பிடிக்கும் டிடிஎஸ்ஸுக்காகவும் ரேட்டை ஏற்ற வேண்டாம், அது உங்கள் பான் கணக்கில் வரவாகி வருமான வரியில் கழியும்.

அரூரிலிருந்து: "சேலத்துல 5,000-க்கே செய்றாங்க"ன்னு சொல்லிட்டாரு. பழைய ரேட்டுக்கே விட்டுடட்டுமா?

ரேட்டை விடாதீர்கள், வேலையைக் குறையுங்கள். "8,000-தான் முடியும்னா மாசம் 9 போஸ்டர் பண்ணித் தரேங்க" என்று சொல்லுங்கள். பலர் அதற்கே ஒத்துக்கொள்வார்கள், மாதக் கடைசியில் 10-வது போஸ்டரும் கேட்பார்கள். அதற்கு 850. அதற்கும் ஒத்துவராதவர் விலை பார்த்து வந்தவர். அவரை இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொண்டு, அதற்குள் வேறு வேலை தேடுங்கள்.

பென்னாகரத்திலிருந்து: எனக்கு கிளையன்டே எங்க மாமாதாங்க. அவருகிட்ட போய் ரேட் பேசினா வீட்ல சண்டை வரும்.

பில்லில் முழு ரேட் 10,000 எழுதி, கீழே 2,000 தள்ளுபடி என்று காட்டுங்கள். அடுத்த வருஷம் தள்ளுபடியை 1,000 ஆக்கலாம். ரேட் பேச்சு தள்ளுபடிப் பேச்சாக மாறிவிடும். மாமா அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பது உங்கள் வீட்டுக்குத்தான் தெரியும். அத்தையிடம் முதலில் சொல்லிப் பாருங்கள்.