மூலத்துக்கு நேராக ஆபரேஷனா, ரப்பர் பேண்டா?

கேள்வி: எனக்கு வயது 44. ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் மேஸ்திரி வேலை. ஒரு வருஷமாக மோஷன் போகும்போது சொட்டுச் சொட்டாக ரத்தம் வருகிறது. வலி இல்லை. முக்கினால் ஒரு சதை வெளியே வந்து, எழுந்ததும் தானாகவே உள்ளே போய்விடுகிறது. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த க்ரீமை எட்டு மாதமாகப் போடுகிறேன், நிற்கவில்லை. இதயத்துக்காக ஆஸ்பிரின் மாத்திரையும் சாப்பிடுகிறேன். லேசர் ஆபரேஷன் செய்தால் ஒரே நாளில் சரியாகும் என்கிறார்கள். காபிப் பழம் பறிக்கும் சீசனுக்குள் முடித்துவிட வேண்டும். என்ன செய்வது?

பதில்: ஆபரேஷன் உங்களுக்கு இப்போது தேவைப்படாது என்றே தோன்றுகிறது. எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைவிட, சதை எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதை வைத்துத்தான் மூலத்துக்குச் சிகிச்சை முடிவாகிறது. ரத்தம் மட்டும் வந்து, சதை வெளியே வராமல் இருந்தால் முதல் நிலை. முக்கும்போது வந்து தானாக உள்ளே போனால் இரண்டாம் நிலை. விரலால் தள்ளினால்தான் போகும் என்றால் மூன்று. தள்ளினாலும் போகாதது நான்கு. நீங்கள் சொல்வது இரண்டாம் நிலை.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. 44 வயதில் ஒரு வருஷமாக ரத்தம் போகிறது என்றால், அது மூலத்திலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். பெருங்குடல் புற்றுநோயிலும் வலியில்லாமல் ரத்தம் வரும். சர்ஜன் விரலாலும் சிறு குழாயாலும் பார்ப்பார், அப்புறம் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கவும் சொல்லலாம். தயங்காமல் செய்துகொள்ளுங்கள். எடை குறைந்திருந்தாலோ, மலம் போகும் வழக்கம் மாறியிருந்தாலோ, ரத்தம் கருத்து வந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று இருந்தாலோ இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள். சொட்டுச் சொட்டாகத்தானே போகிறது என்று விட்டுவிட்டு, மாடிப்படி ஏற மூச்சு வாங்கும் நிலையில் வருபவர்கள் உண்டு.

இனி அந்த க்ரீம். கடையில் கிடைக்கும் மூல க்ரீம்கள் பலவற்றில் மரத்துப்போகச் செய்யும் மருந்தும், சிலவற்றில் ஸ்டீராய்டும் இருக்கும். உள்மூலம் உருவாகும் இடத்தில் வலி உணரும் நரம்பு கிடையாது. அதனால்தான் உங்களுக்கு வலியில்லை. வலியே இல்லாத இடத்தை மரத்துப்போகச் செய்து என்ன பயன்? அரிப்பும் எரிச்சலும் இருந்தால் நாலைந்து நாள் போடலாம். ஸ்டீராய்டு கலந்ததை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அங்குள்ள தோல் மெலிந்துபோகும். நிறுத்திவிடுங்கள்.

முதல் படி சாப்பாடுதான். கேட்டதும் சலிப்பாக இருக்கும், ஆனாலும் ரத்தத்தைக் குறைப்பதில் இதற்குச் சரியான ஆதாரம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். தீட்டிய அரிசிச் சோற்றில் அது மிகக் குறைவு. நம் சேலம் ஜவ்வரிசியில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, வெறும் மாவுச்சத்து. கொண்டைக்கடலைச் சுண்டல், கொள்ளு, கீரை, கேழ்வரகு, கொய்யா என்று தட்டை மாற்றுங்கள். 100 கிராம் கொய்யாவில் மட்டும் ஏறக்குறைய 5 கிராம் இருக்கிறது. இதோடு இரவில் இசப்கோல் உமி இரண்டு டீஸ்பூனை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். முதல் வாரம் வயிறு உப்பும், பயப்பட வேண்டாம். பலர் பத்து நாளில் கேட்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆறு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். கழிப்பறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள், போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

ஆறு வாரத்துக்குப் பிறகும் ரத்தம் வந்தால் அடுத்த படி ரப்பர் பேண்ட். இதைப் புறநோயாளியாகவே, மயக்க மருந்து இல்லாமல் செய்யலாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சிறு குழாயைச் செலுத்துவார்கள். மூலத்தின் வேர்ப்பகுதியைக் கருவியால் இழுத்து அதன் கழுத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டுவார்கள். பத்து நிமிட வேலை. ரத்த ஓட்டம் நின்று, சதை வாடி, ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் வளையத்தோடு சேர்ந்து தானே விழும். மலத்தோடு போவதால் பெரும்பாலும் தெரியக்கூடத் தெரியாது.

மாட்டியதும் ஊசி குத்துவது போலச் சுரீர் என்று வலித்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வளையம் நரம்பு உள்ள இடத்துக்குக் கீழிறங்கி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே எடுத்து மேலே மாற்றிப் போடலாம். பொறுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் இரவெல்லாம் தூங்க முடியாது. மந்தமான கனமும், மோஷன் வருவது போன்ற உணர்வும் இரண்டு நாள் இருப்பது இயல்பு. பாராசிட்டமால் போதும். அந்த உணர்வுக்காகப் போய் முக்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது ஆஸ்பிரினையும் மலையையும் நினைத்துத்தான். சதை விழும் நாட்களில், அதாவது ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள், அபூர்வமாக அதிக ரத்தம் கொட்டலாம். ஆஸ்பிரின் அந்த வாய்ப்பைக் கூட்டும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய மருத்துவர் சொன்ன பிறகுதான் சர்ஜன் தேதி வைக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் நீங்கள் சேலம் வர வேண்டும், அதுவும் இரவில் என்றால் யோசியுங்கள். அந்த இரண்டு வாரமும் அடிவாரத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் தங்கிவிடுவது நல்லது. மூட்டை தூக்கக் கூடாது. ரத்தம் கட்டிக் கட்டியாக வந்தாலோ, தலை சுற்றினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு வலி ஏறிக்கொண்டே போய், சிறுநீர் பிரியாமல் இருந்தால் அது கிருமித்தொற்று. மிக அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து. ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

பேண்ட் போட்டால் திரும்ப வராதா? வரலாம். 2016இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், ஒரு முறை போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் தொல்லை திரும்பியது. ஆனாலும் நான்கு முதல் ஆறு வாரம் விட்டு இன்னொரு முறை போட்டுக்கொள்ளலாம். மறுபடி போடுவதையும் கணக்கில் சேர்த்தால் திரும்புபவர்கள் குறைகிறார்கள்.

இரண்டு மூன்று முறை போட்டும் அடங்கவில்லை, அல்லது மூன்றாம் நிலையில் பெரிதாகவோ நான்காம் நிலையிலோ இருக்கிறது என்றால்தான் ஆபரேஷன். 1937இல் வந்த வெட்டி எடுக்கும் முறைதான் இன்றும் நீடித்த பலன் தருகிறது. பதிலுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் நன்றாக வலிக்கும், மூட்டை தூக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஸ்டேப்ளர், லேசர் முறைகளில் ஆரம்ப வலி குறைவு. ஸ்டேப்ளரில் சதை திரும்ப இறங்கும் வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்த விஷயம். லேசரும் இரண்டாம், மூன்றாம் நிலைக்கு ஒரு வழிதான். உங்கள் நிலைக்குப் பேண்டே இருக்கும்போது அந்தச் செலவு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பஸ் ஸ்டாண்ட் சுவரொட்டி பார்த்து, குழாய் விட்டுப் பார்க்காமலே ஊசி போடும் இடத்துக்கு மட்டும் போய்விடாதீர்கள். தெரியாத மருந்து உள்ளே போய் ஆசனவாயே சுருங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள்.

சீசனைப் பொறுத்தவரை, பறிப்பு தொடங்க மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் இன்றே இசப்கோலைத் தொடங்குங்கள். ஆறு வாரமும் அப்புறம் பேண்ட் போட்ட இரண்டு வாரமும் அதற்குள் அடங்கிவிடும். அவ்வளவு நாள் இல்லையென்றால் பரிசோதனைகளை இப்போது முடித்துவிட்டு, பேண்டைப் பறிப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் மட்டும் சீசனைப் பார்க்காதீர்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை ஓ.பி.க்கு வரும்போது ஆஸ்பிரின் சீட்டையும் பழைய இசிஜியையும் கையோடு எடுத்து வாருங்கள்.