சாவி கொடுக்கும் நேரத்தில் கேட்ட வரி

கேள்வி: 2025 டிசம்பரில் கொடைக்கானலில் இரண்டு இரவுகளுக்கு இணையத்தில் அறை பதிவு செய்து, 14,000 ரூபாயையும் முன்கூட்டியே கட்டினேன். போய் இறங்கியதும், ‘அறையின் உண்மையான வாடகை 9,000 ரூபாய், அதற்கு 18 சதவீத வரி’ என்று 2,540 ரூபாயும், சேவைக் கட்டணமாக 1,400 ரூபாயும் வாங்கிக்கொண்ட பிறகுதான் சாவி தந்தார்கள். மறுநாளே மாமியாருக்கு உடல்நலக் குறைவு என்று ஊர் திரும்பிவிட்டோம். தங்காத இரவுக்கு வரியையாவது திருப்பித் தரச் சொன்னால் மறுக்கிறார்கள். எதை மீட்க முடியும்?
— வாசகர், மதுரை

பதில்: நீங்கள் இணைத்திருக்கும் முன்பதிவுச் சீட்டிலேயே பாதி விடை இருக்கிறது. ஓர் இரவுக்கு 9,000 ரூபாய் என்று எழுதி, விடுதியின் தள்ளுபடியாக 2,000 ரூபாயைக் கழித்து, 7,000 என்று காட்டியிருக்கிறார்கள். இரண்டு இரவுக்கு 14,000. வரி 5 சதவீதம், அதாவது 700. அதன் பிறகு தளத்தின் கூப்பன் 1,000 ரூபாய் கழிகிறது, தளத்தின் கட்டணம் 300 ரூபாய் கூடுகிறது. ஆக 14,000.

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் மதிப்பு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. மதிப்பு என்பது பலகையில் எழுதிவைத்த வாடகை அன்று, விடுதிக்கு உண்மையில் கிடைக்கும் தொகை. பலகை விலையை வைத்து வரி விகிதத்தை முடிவு செய்யும் பழைய முறை 2018 ஜூலையிலேயே போய்விட்டது. வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் சிலருக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை போலும்! உங்களிடம் 18,000 ரூபாய்க்கு 18 சதவீதம் என 3,240 கணக்கிட்டு, கட்டிய 700 போக 2,540 வாங்கியிருக்கிறார்கள். இதற்கு அடிப்படையே இல்லை.

ஒரு நுணுக்கம். விடுதி தரும் தள்ளுபடி அறையின் மதிப்பைக் குறைக்கும். தளம் தன் பையிலிருந்து தரும் கூப்பன் குறைக்காது. அந்தப் பணம் தளத்திடமிருந்து விடுதிக்குப் போய்விடுகிறது. தள்ளுபடிக்குப் பிறகும் அறை 7,800 ரூபாயாக இருந்து, கூப்பனால் 7,300 ஆகியிருந்தால், 18 சதவீதம் கேட்பது சரியே. உங்கள் சீட்டில் கூப்பனுக்கு முன்பே 7,000தான்.

சேவைக் கட்டணத்தை விருப்பமில்லாதவரிடம் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதி செய்தது. பதிவு செய்யும்போது காட்டாத கட்டாயத் தொகையை வாசலில் கேட்பது தனித் தவறு. 1,400 ரூபாயையும் தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாவது விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் எடுத்தது பணம் திரும்பாத விலை. அதே அறை, ரத்து செய்யக்கூடிய விலையில் 7,900 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அது 7,500-ஐத் தாண்டுவதால் வரி 18 சதவீதமாகி 9,322 ஆகும். உங்களுடையது வரியோடு 7,350. திரையில் 900 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் உண்மையில் 1,972. ஆனால் அந்த விலையைக் கொடுத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. இலவச ரத்து என்பது பொதுவாக அறைக்குள் நுழைவதற்கு முன் ஒரு குறிப்பிட்ட நேரம் வரைதான். தங்கத் தொடங்கிய பின் பாதியில் கிளம்புவது அதில் அடங்குவதில்லை.

வரியையாவது தரலாமே என்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் விடுதி வைத்துக்கொள்ளும் தொகைக்கும் அறைக்குரிய அதே விகிதத்தில் வரி உண்டு என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்டு 3 சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. வாடகை திரும்பினால்தான் அதன் வரியும் திரும்பும். நீங்கள் கிளம்பிய அறையை அன்றிரவே வேறொருவருக்குக் கொடுத்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். கொடுத்திருந்தால் அவர்களுக்கு இழப்பில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி வாதாட இடமுண்டு. உறுதி சொல்ல மாட்டேன், டிசம்பர் கொடைக்கானலில் கேட்டுப் பார்ப்பது வீண் அன்று.

முதலில் விடுதியின் வரி ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதில் மதிப்பு 14,000 என்றிருந்தால் கூடுதல் வசூல் அப்பட்டமாகத் தெரியும். 18,000 என்றிருந்தால், வாங்காத பணத்துக்கு ரசீது போட்டதற்கு அவர்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். 15 நாள் கெடு வைத்து 3,940 ரூபாயைக் கேட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற தொலைபேசி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால், திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை. கூடுதல் பணத்துக்கு அவர்கள் கையால் எழுதித் தந்ததாகச் சொல்லும் துண்டுச் சீட்டின் மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, நோட்டீஸோடு நகலை மட்டும் அனுப்புங்கள்.