படமாக இருக்கும் தூக்க வரைபடத்திலிருந்து மணிக்கணக்கும் சதவீதமும் எடுப்பது

கேள்வி: அப்பாவின் ஸ்மார்ட்வாட்ச் செயலியில் வந்த ஓர் இரவின் தூக்க வரைபடத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இரவு 10.42 முதல் காலை 6.18 வரை என்று மட்டும் அதில் எழுதியிருக்கிறது. மற்றதெல்லாம் மேலும் கீழுமாகப் போகும் வண்ணப் பட்டைகள்தான். மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினார், ஒவ்வொரு நிலையிலும் எத்தனை சதவீதம் என்று மருத்துவர் கேட்கிறார். பழைய பதிவு செயலியில் இப்போது இல்லை. படத்தை வைத்தே கணக்கிட முடியுமா?

பதில்: முடியும். இந்த வரைபடத்தில் மேலிருந்து கீழாக விழிப்பு, ரெம் எனப்படும் கனவுத் தூக்கம், லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம் என்று நான்கு தளங்கள் இருக்கும். இடமிருந்து வலமாக ஓடுவது நேரம். எனவே ஒரு பட்டையின் அகலம்தான் அந்த நிலையில் கழிந்த நேரம்; அதன் உயரமும், தளங்களை இணைக்கும் செங்குத்துக் கோடுகளும் கணக்கில் வராது.

முதலில் அளவுகோலை அமைத்துக்கொள்ள வேண்டும். படத்தைக் கணினியில் Paint போன்ற, சுட்டி நிற்கும் இடத்தின் பிக்சல் எண்ணைக் காட்டும் ஒரு மென்பொருளில் திறந்து, வரைபடம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, இடது ஓரம் 212, வலது ஓரம் 1352 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 1140 பிக்சல். நேரத்தைப் பொறுத்தவரை, 10.42 முதல் நள்ளிரவு வரை 78 நிமிடம், அதன் பிறகு 6.18 வரை 378 நிமிடம், ஆக 456 நிமிடம். 456-ஐ 1140-ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 0.4 நிமிடம் கிடைக்கிறது.

பட்டைகளை அளக்கும் முன் ஒரு சோதனை அவசியம். திரையை நேராகப் படம் எடுக்காமல் சற்றுப் பக்கவாட்டிலிருந்து எடுத்திருந்தால், கேமராவுக்கு அருகில் இருந்த பக்கம் விரிந்தும் தள்ளி இருந்த பக்கம் சுருங்கியும் பதிவாகியிருக்கும். ஆனால் கண்ணுக்கு அது எளிதில் தெரியாது. வரைபடத்தின் அடியில் 12 மணி, 3 மணி, 6 மணி என்று கோடுகள் இருந்தால் அவற்றின் பிக்சல் எண்களைப் பாருங்கள். நம் உதாரணத்தில் அவை 407, 857, 1307 என்று வர வேண்டும், அதாவது மூன்று மணி நேரத்துக்கு 450 பிக்சல். அதற்கு மாறாக முதல் இடைவெளி 450 ஆகவும் இரண்டாவது 420 ஆகவும் இருந்தால் படம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது முழு இரவுக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தாமல், இரண்டாவது பகுதிக்கு 180-ஐ 420-ஆல் வகுத்து வரும் 0.43 நிமிடத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

அடுத்து, பட்டைகளை ஒவ்வொன்றாக அகலம் பார்த்து அளப்பதைவிட, நிலை மாறும் எல்லைகளின் எண்களை மட்டும் வரிசையாக எழுதிச் செல்வதையே நான் வலியுறுத்துவேன். ஒரு பட்டை முடியும் இடமே அடுத்தது தொடங்கும் இடம் என்பதால், எல்லையை இரண்டு பிக்சல் தவறாகக் குறித்தாலும் அந்தப் பிழை பக்கத்துப் பட்டைக்கு நகருமே தவிர, இரவின் மொத்த நீளத்தை மாற்றாது. பட்டைகளின் முனைகளை வளைவாக வரையும் செயலிகளில் அந்த வளைவைப் பார்க்காமல், செங்குத்து இணைப்புக் கோட்டின் நடுவை எல்லையாகக் கொள்ளுங்கள்.

இரவின் தொடக்கம் இப்படி இருக்கலாம். 212-இல் விழிப்பு; 242-இல் லேசான தூக்கம் தொடங்குகிறது; 297-இல் ஆழ்ந்த தூக்கம்; 392-இல் மீண்டும் லேசான தூக்கம்; 462-இல் ரெம். முதல் விழிப்பு 30 பிக்சல், எனவே 12 நிமிடம். பிறகு லேசான தூக்கம் 22 நிமிடம், ஆழ்ந்த தூக்கம் 38 நிமிடம். இந்தக் கணக்குப்படி ஆழ்ந்த தூக்கம் இரவு 11.54-க்கு முடிய வேண்டும். படத்திலும் அந்தப் பட்டை 12 மணிக் கோட்டுக்குச் சற்று முன்பே முடிகிறதா என்று பாருங்கள். எல்லை முறையில் கூட்டுத்தொகை எப்போதும் சரியாகவே வந்துவிடும் என்பதால், பிழையைக் காட்டிக்கொடுப்பது கூட்டல் அல்ல, இந்த மணிக்கோட்டு ஒப்பீடுதான்.

விரிதாளில் முதல் நெடுவரிசையில் எல்லை எண்ணையும், இரண்டாவதில் அங்கே தொடங்கும் நிலையையும், மூன்றாவதில் நிமிடத்தையும் இடலாம். கடைசி எல்லையான 1352-க்கு எதிரே நிலை எதுவும் வேண்டாம்.

```
C2:  =(A3-A2)*0.4
ஆழ்ந்த:  =SUMIF(B2:B40,"ஆழ்ந்த",C2:C40)
```

இரவு முழுவதையும் கூட்டியபின் விழிப்பு 38, ரெம் 90, லேசான தூக்கம் 246, ஆழ்ந்த தூக்கம் 82 நிமிடம் என்று வந்ததாகக் கொள்வோம். மொத்தத் தூக்கம் என்பது விழிப்பு நீங்கலாக 418 நிமிடம், அதாவது 6 மணி 58 நிமிடம். இதை 6.58 மணி என்று எழுதிவிடாதீர்கள். தசமத்தில் அது 6.97 மணி. இந்த இடத்தில் தவறுபவர்கள் பலர்.

சதவீதத்துக்கு எதை அடிப்படையாகக் கொள்வது என்பதில்தான் பெரிய குழப்பம். தூக்க நிலைகளை மொத்தத் தூக்கத்தால், அதாவது 418-ஆல் வகுப்பதே தூக்க மருத்துவத்தின் வழக்கம். அப்படி வகுத்தால் ரெம் 21.5, லேசானது 58.9, ஆழ்ந்தது 19.6 சதவீதம். சில செயலிகள் விழிப்பையும் சேர்த்து 456-ஆல் வகுக்கின்றன. அப்போது அதே ஆழ்ந்த தூக்கம் 18.0 ஆகக் குறைந்து தெரியும். எனவே எந்த எண்ணால் வகுத்தீர்கள் என்பதை அருகில் எழுதுங்கள். முழு எண்ணாக்கினால் 22, 59, 20 என்று கூட்டுத்தொகை 101 ஆகிவிடும். அது முழுமையாக்கலால் வருவது, கணக்குப் பிழை அல்ல.

இந்தக் கணக்கின் துல்லியத்துக்கு ஓர் எல்லை உண்டு. மங்கலான படத்தில் ஓர் எல்லை மூன்று பிக்சல் தள்ளிப் போனால் ஒரு நிமிடத்துக்கு மேல் மாறும். இரண்டு மூன்று பிக்சலே அகலமுள்ள விழிப்புக் கீற்றுகள் படத்தில் தெரியாமலே போகலாம். ஆகவே மருத்துவரிடம் கொடுக்கும்போது நிமிடங்களை ஐந்தின் மடங்குக்கு நெருக்கமாகச் சொல்வதே நேர்மையானது. நடுவில் எந்தப் பட்டையும் இல்லாத வெற்றிடம் இருந்தால், வாட்ச் கையில் சரியாகப் பதியாத நேரமாக அது இருக்கலாம். அதைத் தூக்கத்திலும் விழிப்பிலும் சேர்க்காமல் ‘பதிவு இல்லை’ என்று தனியாகக் குறியுங்கள்.

வாட்ச் மூளை அலைகளை அளப்பதில்லை. அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்தே நிலையை ஊகிக்கிறது. அசையாமல் விழித்துப் படுத்திருந்த நேரத்தை அது லேசான தூக்கமாக எழுதிவிடக்கூடும். அதனால் அப்பா அந்த இரவில் எப்போதெல்லாம் விழித்திருந்ததாக நினைவு வைத்திருக்கிறார் என்று கேட்டு, அந்த நேரங்களையும் படத்தையும் இந்த எண்களோடு சேர்த்துக் கொடுங்கள்.