ஐந்து பவுனா, நான்கு வருடப் படிப்பா?

கேள்வி: கணவர் கோவையில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பு, பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். கல்லூரி, விடுதி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார்கள். கையில் 5 லட்சம் டெபாசிட் இருக்கிறது, மாதம் 8,000 மிச்சம் பிடிக்க முடியும். "தங்கம் ஏறிக்கொண்டே போகிறது, அவள் கல்யாணத்துக்கு இப்போதே ஐந்து பவுன் நகை எடுத்துப் போடுங்கள்" என்கிறார் மாமியார். நாங்கள் இருவரும் கல்லூரிக்குப் போனதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: டெபாசிட்டைப் படிப்புக்கு ஒதுக்குங்கள். தங்கத்தையும் வாங்கலாம், ஆனால் இப்போது வேண்டாம், நகையாகவும் வேண்டாம்.

விலை ஏறும் என்ற உங்கள் மாமியாரின் பயம் நியாயமானதுதான். ஆனால் தங்கத்தின் விலை வேறு, நகையின் விலை வேறு. கணக்கு எளிதாக இருக்க, கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பவுன், அதாவது 40 கிராம், 4 லட்சம். சேதாரம் 12 சதவீதம் என்றால் 48,000. இரண்டும் சேர்ந்த தொகைக்கு 3 சதவீத ஜிஎஸ்டி 13,440. ஆக பில் 4,61,440 ரூபாய். மறுநாளே அதே கடைக்கு விற்கப் போனால் தங்கத்தின் எடைக்குத்தான் பணம் தருவார்கள், கழிவு பிடித்தால் அதிலும் குறையும். அப்போதே அறுபதாயிரத்துக்கு மேல் போய்விடுகிறது. போட்ட பணம் கைக்குத் திரும்பவே விலை 15 சதவீதம் ஏற வேண்டும். கிராம் விலை கூடினாலும் குறைந்தாலும் இந்த விகிதம் அப்படியேதான் இருக்கும்.

கல்யாணத் தேதியைத் தள்ளிப் போடலாம். கல்லூரிக் கட்டணம் இரண்டு வருடத்தில் வந்து நிற்கும், தவணை தவறினால் ஹால் டிக்கெட் வரை பிரச்சினை. அந்த நேரத்தில் தங்கம் இறங்கியிருந்தால் நஷ்டத்துக்கு விற்க வேண்டிவரும், இல்லாவிட்டால் அடகு வைத்து வட்டி கட்ட வேண்டிவரும். நகை வாங்கிய பல வீடுகளில் நடப்பது இதுதான். அது போக, இன்று நீங்கள் எடுக்கும் ஆரத்தை ஆறேழு வருடம் கழித்து மகள் பழைய மாடல் என்பாள். மாற்றப் போனால் புது நகைக்கு மறுபடியும் சேதாரம்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 5 லட்சம் டெபாசிட்டிலேயே இருக்கட்டும். அடுத்த இரண்டு வருடம் மாதா மாதம் 8,000 போட்டால் அது 1,92,000 ஆகும். வட்டியோடு ஏழு லட்சத்தைத் தாண்டும். நான்கு வருடப் படிப்புக்கு 6 லட்சம் போக, கட்டணம் கொஞ்சம் கூடினாலும் தாங்கும். அவள் கல்லூரியில் சேர்ந்த பிறகு அதே 8,000 உங்கள் கையில் மிஞ்சும். அதில் தங்க நாணயம் வாங்குங்கள். நான்கு வருடத்தில் 3,84,000. விலை 10,000 என்றே இருந்தால் கிட்டத்தட்ட ஐந்து பவுன், 15,000 ஆகிவிட்டால் மூன்று பவுனுக்குச் சற்று மேல். அந்த வித்தியாசத்தை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அப்போது மகள் பட்டத்தோடு சம்பாதிக்கும் நிலையில் இருப்பாள், மீதி இரண்டு பவுனை அவளே சேர்த்துக்கொள்ள முடியும்.

நாணயத்துக்குச் செய்கூலி மிகக் குறைவு. ஹால்மார்க் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு நகைக்கடையில் வாங்குங்கள். வங்கிகள் நாணயம் விற்கும், திரும்ப வாங்காது. நகையைக் கல்யாணம் நிச்சயமான பிறகு அவளுக்குப் பிடித்த மாதிரி செய்துகொள்ளலாம்.

இந்தக் கணக்கெல்லாம் கலந்தாய்வில் கிடைக்கும் இடத்துக்குத்தான் பொருந்தும். நிர்வாக ஒதுக்கீட்டில் நன்கொடை கொடுத்துச் சேர்ப்பதாக இருந்தால் என் பதிலே மாறிவிடும். சுமாரான கல்லூரிக்குப் பல லட்சம் கொட்டுவதைவிட, கலந்தாய்வில் கிடைக்கும் வேறு பிரிவோ கலை அறிவியல் படிப்போ மேல் என்பேன். கல்லூரியைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதன் இணையதளத்தில், மத்திய அரசின் கல்லூரித் தரவரிசைக்கான NIRF என்ற பகுதியில், எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் இருப்பவர் வாங்கும் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று இருக்கும். விளம்பரப் பலகையில் போடும் உச்சச் சம்பளம் ஒரே ஒருவருடையது. அதை விட்டுவிட்டு, இந்த இடைநிலைச் சம்பளத்தைப் பாருங்கள்.

நீங்கள் இருவரும் பட்டதாரிகள் இல்லை என்கிறீர்கள். வீட்டில் வேறு பட்டதாரி யாரும் இல்லாமல், மூத்த பிள்ளைகள் யாரும் இந்தச் சலுகையை ஏற்கெனவே பயன்படுத்தாமலும் இருந்தால், கலந்தாய்வு மூலம் சேரும் மகளுக்கு முதல் தலைமுறைப் பட்டதாரி கட்டணச் சலுகை கிடைக்கும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. இதை மாமியாரிடமும் சொல்லுங்கள்: தாலிக்குத் தங்கம் தந்துகொண்டிருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தைத்தான் தமிழக அரசு 2022-ல் இந்தப் படிப்பு உதவியாக மாற்றியது.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கலந்தாய்வு நேரத்தில் கூட்டம் அலைமோதும், அதனால் பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குள் வாங்கி வைத்துவிடுங்கள்.