‘அப்போது பேசிக்கொள்ளலாம்’ என்று எழுதிய வாடகை

பினாங்கு லெபு பாசாரில் துணிக்கடை வைத்திருக்கிறேன். கட்டடச் சொந்தக்காரரான தவுக்கேயோடு மூன்று ஆண்டு ஒப்பந்தம், வாடகை மாதம் 4,000 வெள்ளி. இன்னும் மூன்று ஆண்டு புதுப்பிக்கும் உரிமையும் உண்டு. அந்தக் காலத்து வாடகை ‘சந்தை நிலவரத்தை ஒட்டி இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தொகை’ என்று எழுதியிருக்கிறது. நான் தொகையைப் போடச் சொன்னேன். “வேண்டாம்மா, தவுக்கே கையெழுத்துப் போட மாட்டார்” என்றார் என் வக்கீல். “பத்து சதவீதத்துக்கு மேல ஏத்த மாட்டேன்” என்று தவுக்கேயும் வாயால் சொன்னார். ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருக்கிறது. இப்போது 6,500 கேட்கிறார், இல்லையென்றால் காலி செய்யச் சொல்கிறார். அந்த வாசகம் செல்லுமா? என் வக்கீல் செய்தது தவறா?

வாசகத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒப்பந்தத்தை எடுத்து, புதுப்பிக்கும் உரிமையை எத்தனை மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்று மாதம் என்றிருக்கும். அப்படியானால் உங்கள் கையில் இருப்பது ஒரு மாதம்தான். வாடகை முடிவாகட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருந்து இந்த உரிமையை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தேதி தாண்டிய பிறகு நீதிமன்றத்தில் இரக்கம் எதிர்பார்ப்பது கடினம். கடிதத்தில் ‘இன்ன பிரிவின்படி புதுப்பிக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறேன்’ என்று மட்டும் எழுதுங்கள். ‘4,400 வெள்ளி என்றால் புதுப்பிக்கிறேன்’ என்று எழுதிவிடாதீர்கள். அது உரிமையைப் பயன்படுத்துவது ஆகாது, புதிதாக நீங்கள் வைக்கும் பேரம் ஆகிவிடும். வாடகை பாக்கியும் இருக்கக் கூடாது.

சரி, வாசகத்துக்கு வருவோம். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதற்குச் சட்டமே தரும் உதாரணம் எண்ணெய். ‘நூறு டன் எண்ணெய் விற்கிறேன்’ என்று மட்டும் எழுதினால் செல்லாது, என்ன எண்ணெய் என்று யாருக்குத் தெரியும்? விற்பவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி என்றால் அதே சொற்கள் செல்லும், ஏனென்றால் அவர் தொழிலே பொருளைச் சொல்லிவிடுகிறது. 1916இல் நம் நாட்டில் தீர்ப்பான கருப்பன் செட்டியார் வழக்கில், மாதம் 35 வெள்ளி வாடகைக்கு ‘அவர் விரும்பும் காலம் வரை’ என்று பேசிய குத்தகை செல்லாது என்று முடிவானது. வாடகை தெளிவாக இருந்தும் காலத்தை அளக்க வழியில்லை.

ஆக, சொல் மங்கலாக இருப்பது மட்டும் ஒப்பந்தத்தைக் கெடுப்பதில்லை. அதை வெளியாள் ஒருவர் அளந்து நிரப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. உங்கள் ஒப்பந்தத்தில் ‘இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தொகை’ என்று மட்டும் இருந்திருந்தால் நான் கவலைப்பட்டிருப்பேன். நீங்கள் இருவரும் ஒப்புக்கொள்ளாததை நீதிபதி உங்களுக்காக ஒப்புக்கொள்ள முடியாது. ‘சந்தை நிலவரத்தை ஒட்டி’ என்ற மூன்று சொற்கள்தான் உங்களைக் காப்பாற்றுகின்றன. அது ஓர் அளவுகோல். இங்கிலாந்தில் 1982இல் ஒரு வழக்கு வந்தது. குத்தகைக்காரர் சொத்தை வாங்கிக்கொள்ளலாம், விலையை இரு தரப்பின் மதிப்பீட்டாளர்களும் சொல்வார்கள் என்பது ஏற்பாடு. சொந்தக்காரர் தன் பக்க மதிப்பீட்டாளரை நியமிக்கவே மறுத்தார். ‘நியாயமான விலை’ என்பதுதான் அடிப்படை, மதிப்பீட்டாளர் ஒரு கருவி, அது முடங்கினால் நீதிமன்றமே விலையைக் கண்டுபிடிக்கும் என்றது அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் உங்கள் வாதத்துக்கு நல்ல துணை. இவ்வளவு இருந்தும் வழக்காடினால் வெற்றி உறுதி என்று நான் சொல்லவில்லை, ‘ஒப்புக்கொள்ளும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தவுக்கே தரப்பும் வாதாடும்.

எனவே பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அறிக்கை வாங்குங்கள். அதே தெருவில், அதே அளவுத் தரைத்தளக் கடைகள் அண்மையில் உண்மையாகக் கையெழுத்தான வாடகை என்ன என்று அவர் பார்ப்பார். விளம்பரப் பலகையில் தொங்கும் தொகை கணக்கில் சேராது. அறிக்கை 4,700 என்று வந்தால் பேச்சு 4,700ஐச் சுற்றி நடக்கும், 6,500ஐச் சுற்றி அல்ல. 6,200 என்று வந்தால் அதையும் தெரிந்துகொள்வது நல்லது, வீண் வழக்கு மிச்சம்.

‘பத்து சதவீதம்’ என்ற வாய்வார்த்தையைப் பெரிதாக நம்பாதீர்கள். எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தை மாற்றவோ கூட்டவோ வாய்ச்சாட்சியம் கூடாது என்பது சாட்சியச் சட்டத்தின் 92ஆவது பிரிவு. அதற்கு விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவை இடுக்கு வழிகள். அந்தப் பேச்சு வாட்ஸ்அப்பில் எங்காவது பதிந்திருந்தால் அழிக்காமல் வையுங்கள், பேரத்துக்காவது உதவும்.

உங்கள் வக்கீல் தவறு செய்தாரா? முழுதாக இல்லை. அன்றைக்குத் தொகையைக் கேட்டு நின்றிருந்தால் கடையே கிடைத்திருக்காது. ராஜதந்திரிகள் தெரிந்தே இப்படிச் செய்வார்கள். தீராத ஒன்றை இரு தரப்பும் தத்தமக்கு ஏற்றபடி படிக்கும் சொல்லால் மூடிவிட்டு மற்றதில் கையெழுத்து வாங்குவார்கள். உங்கள் ஒப்பந்தத்திலேயே, கடையை நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும், ‘நியாயமான தேய்மானம் நீங்கலாக’ என்று ஒரு வரி இருக்கும். பழைய கடைவீட்டின் ஒவ்வொரு கூரை ஓடு, ஒவ்வொரு மரச்சட்டம் என்று யார் பட்டியல் போடுவது? அங்கே மங்கல் நல்லது. அந்தக் கேள்வி எழாமலே போகலாம், எழுந்தாலும் ‘நியாயம்’ என்பதை மூன்றாமவர் அளந்துவிடுவார்.

வாடகைப் புதுப்பிப்பு அப்படி இல்லை, அது வரும் நாள் காலண்டரிலேயே குறித்தாகிவிட்டது. சிங்கப்பூருடனான 1962 ஜோகூர் தண்ணீர் ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஆயிரம் கேலன் 3 சென், விலை 25 ஆண்டு ‘முடிந்த பிறகு’ மறுபரிசீலனைக்கு உரியது. 1987இல் நாம் மறுபரிசீலனை செய்யவில்லை, ஆகவே உரிமை போய்விட்டது என்பது சிங்கப்பூரின் நிலை. ‘பிறகு’ என்றால் அதன்பின் எப்போது வேண்டுமானாலும் என்பது நம் நிலை. பணத்தின் வாங்கும் சக்தி, கூலி, மின்சாரம் என்று எதை வைத்து அளப்பது, சண்டை வந்தால் நடுவரிடம் போவது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. எப்போது என்பது மட்டும் மங்கல், சச்சரவு அங்கேதான் முளைத்தது. உங்கள் வக்கீல் ஒரே ஒரு வரி சேர்த்திருக்கலாம்: ‘30 நாளில் ஒத்துப்போகாவிட்டால் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் நிர்ணயிப்பார்.’ தொகை இல்லாத அந்த வரிக்குத் தவுக்கே பயந்திருக்க மாட்டார்.

தவுக்கே பூட்டு மாற்றுவேன் என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். 1950ஆம் ஆண்டு தனிநிலைப் பரிகாரச் சட்டத்தின் 7(2) பிரிவின்படி, காலம் முடிந்தாலும் நீதிமன்றம் போகாமல் அவர் உங்களை வெளியேற்ற முடியாது. அதற்காகச் சும்மா உட்கார்ந்துவிடாதீர்கள். புதுப்பிப்பு செல்லாது என்று தீர்ந்தால், காலம் முடிந்த நாளிலிருந்து இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டு குடிமையியல் சட்டத்தின் 28(4) பிரிவு அவருக்கு இடம் கொடுக்கிறது. மாதம் 8,000 வெள்ளி. கடிதத்தை இந்த வாரமே பதிவு அஞ்சலில் அனுப்பி, ரசீதை ஒப்பந்தத்தோடு குத்தி வையுங்கள். மதிப்பீட்டு அறிக்கையோடு தவுக்கேயைப் பார்க்கப் போகும்போது, நான் சொன்ன அந்த ஒரு வரியையும் கையோடு கொண்டு போங்கள்.