கணினி ஏன் தமிழ் எழுத்தைக் கூட்டி எண்ணுகிறது?

கேள்வி: "கொண்டாட்டம்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? என் மகள் 6 என்கிறாள். பைத்தானில் len போட்டால் 11 வருகிறது. எது சரி?

உங்கள் மகள் சொன்னதுதான் சரி. கொ, ண், டா, ட், ட, ம் என்று விரல் விட்டு எண்ணினால் ஆறு. அதில் ண், ட், ம் மூன்றும் மெய். கொ, டா, ட மூன்றும் உயிர்மெய். தனி உயிரெழுத்து இந்தச் சொல்லில் இல்லை.

கணினி சொன்ன 11-ம் தப்பில்லை. ஆனால் அது எண்ணியது எழுத்தை அல்ல, குறியீடுகளை. அதன் கண்ணுக்கு இந்தச் சொல் இப்படித்தான் தெரிகிறது: க, ஒகரக் குறி, ண, புள்ளி, ட, துணைக்கால், ட, புள்ளி, ட, ம, புள்ளி. எண்ணிப் பாருங்கள், பதினொன்று.

நமக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தது ட் + அ = ட. மெய்தான் அடிப்படை, அதில் உயிர் ஏறி உயிர்மெய் பிறக்கிறது. யூனிகோடு இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. அங்கே அகரம் ஏறிய 'ட'தான் அடிப்படை. அதன் பின்னால் புள்ளி வந்தால் அகரம் போய் 'ட்' ஆகிறது. அதனால் இலக்கணத்தில் எளிய எழுத்தான மெய்க்கு இரண்டு குறியீடு, இரண்டு ஒலி சேர்ந்த 'ட'வுக்கு ஒன்றே ஒன்று! இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் பொதுவாக 1988-இல் வந்த இஸ்கி என்ற தரத்தின் அமைப்பையே யூனிகோடு தமிழுக்கும் எடுத்துக்கொண்டது. அதன் விளைவு இது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். சொல்லைத் தட்டச்சு செய்துவிட்டுக் கடைசியில் பின்னழிப்பு விசையை ஒரு தடவை அழுத்துங்கள். பெரும்பாலான செயலிகளில் 'ம்' முழுசாகப் போகாது, புள்ளி மட்டும் போய் "கொண்டாட்டம" என்று நிற்கும்.

எழுத்தை எண்ண வேண்டுமானால் புள்ளி, கால், கொம்பு போன்ற சார்ந்து நிற்கும் குறிகளை விட்டுவிட்டு எண்ணினால் போதும். யூனிகோடு அவற்றை M என்று தொடங்கும் வகையில் வைத்திருக்கிறது:

```python
import unicodedata
w = "கொண்டாட்டம்"
print(sum(unicodedata.category(c)[0] != "M" for c in w))
```

விடை 6. ஆய்தம் அந்த வகையில் இல்லாததால் "அஃது" சரியாக மூன்று என்று வரும். வகை பிரிப்பதும் கடினமில்லை. உயிரும் ஆய்தமும் நேரடியாகத் தெரிந்துவிடும். மற்ற எழுத்துக்குப் பின்னால் புள்ளி இருந்தால் மெய், வேறு குறி இருந்தாலோ ஒன்றுமே இல்லாவிட்டாலோ உயிர்மெய். அந்த 'ஒன்றுமே இல்லாவிட்டால்' என்பதை மறந்தால் 'ட' போன்ற அகர உயிர்மெய்கள் எல்லாம் கணக்கில் விட்டுப்போகும். கிரந்தத்தில் மட்டும் கவனம் வேண்டும்: 'க்ஷ'வை நாம் ஒரே எழுத்தாகப் பார்த்தாலும் இந்த முறை அதை இரண்டாக எண்ணும்.

நான் குழந்தைகளுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் தயாரிக்கிறேன். எனக்கு உண்மையில் தலைவலி கொடுத்தது வேறொன்று. "கௌரி"க்கு இரண்டு கட்டம் விட்டிருந்தேன், நிரல் மூன்று கேட்டது. திரையில் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது: தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறி போடாமல், 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' என்ற எழுத்தை வைத்திருக்கிறார். பார்வைக்கு அதே "கெளரி". கணினிக்கோ கெ, ள, ரி என்று மூன்று எழுத்து. இந்தப் பிழை இணையத்தில் ஏராளம். சந்தேகம் வந்தால் அம்புக்குறி விசையால் நகர்ந்து பாருங்கள். சரியான 'கௌ'வை ஒரே தாவலில் தாண்டும், தவறானதில் நடுவில் ஒரு தடவை நிற்கும்.

உங்கள் சொல்லிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. 'கொ'வின் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் வைக்கலாம். இரண்டாவது வகையில் len 12 காட்டும். இரண்டும் சமம் என்பது யூனிகோடு விதி, ஆகவே `unicodedata.normalize("NFC", w)` போட்டால் ஒன்றாகிவிடும். கெளரியை அது சரிசெய்யாது. 'ள' நிஜமாகவே வேறு எழுத்து, அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

மகள் மேல் வகுப்பில் யாப்பு படித்தால் மூன்றாவது விடையும் கொண்டுவருவாள். கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில் அடிக்கு 16 அல்லது 17 எழுத்து என்று எண்ணும்போது மெய்யெழுத்துகளை நீக்கிவிடுவார்கள். அந்தக் கணக்கில் கொண்டாட்டம் மூன்றே எழுத்து: கொ, டா, ட.