‘வீட்டுல சொல்லிட்டு வந்தியா?’ – பழைய லாரி டிரைவரிடம் கேள்வி பதில்

கேள்வி: கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் பைக்கைக் கொஞ்சம் உள்ளே விட்டேன். ஒரு லாரிக்காரர் ‘வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?’ என்று கத்தினார். வீட்டை எதுக்குண்ணா இழுக்கணும்?

வீட்டை இழுக்கவில்லை தம்பி. நாம் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்வதில்லை, ‘போயிட்டு வரேன்’ என்றுதானே சொல்கிறோம்? நீ ஓட்டுகிற லட்சணத்துக்குத் திரும்பி வரமாட்டாய், கடைசியாகச் சொல்லிக்கொண்டு வந்தாயா என்பதுதான் அந்தக் கேள்வி. சென்னைக்காரர்களின் ‘சாவுகிராக்கி’யும் இதே சங்கதிதான். கிராக்கி என்றால் வண்டிக்கு வரும் சவாரி. நீ சாவுக்கு வந்த சவாரி. இந்த இரண்டும் பெரும்பாலும் பிரேக்கை மிதித்த கால் நடுங்கிக்கொண்டிருக்கும்போது வாயில் வருபவை. நானே கத்தியிருக்கிறேன், பயத்தில்.

கேள்வி: விரல்களை விரித்துக் கையைத் திருப்பிக் காட்டுவது கெட்ட சைகையா? ஓசூரில் ஒருத்தர் அப்படிக் காட்டியதும் எங்க மாப்பிள்ளை காரை விட்டே இறங்கிட்டார்.

கெட்டது இல்லைம்மா. ‘என்ன இது?’ என்று கேட்கிறார், அவ்வளவுதான். டீக்கடையில் தூரத்தில் நிற்பவரிடம் ‘என்ன சேதி?’ என்பதற்கும் அதே கைதான். ஒரு திருப்பு திருப்பிவிட்டுக் கையை இறக்கினால் அது வெறும் கேள்வி. கையை இறக்காமல், தாடையையும் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே வண்டியை ஓட்டி வந்தால் வம்புக்கு இழுக்கிறார். மாப்பிள்ளை எதைப் பார்த்தாரோ, அவரைத்தான் கேட்கணும்.

கேள்வி: லாரியிலிருந்து கையை ஆட்டினால் ‘முந்திப் போ’ என்றுதான் அர்த்தம். இதுகூடவா தெரியாது?

பாதிதான் சரி. கையை வெளியே நீட்டிப் பின்னாலிருந்து முன்னால் வீசினால்தான் முந்தலாம். உள்ளங்கையைக் கீழே காட்டி மேலும் கீழும் தட்டினால் ‘நான் வேகம் குறைக்கிறேன்’ என்று அர்த்தம். ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருநாள் முன்னால் மாடு வந்தது. நான் இப்படித் தட்டினேன். பின்னால் வந்த பையன் நான் அவனை ‘போடா’ என்கிறேன் என்று நினைத்து, ரோஷத்தில் முறுக்கிக்கொண்டு முந்தினான். மாட்டுக்கு ஒரு முழம் முன்னால்தான் வண்டி நின்றது. அப்புறம் வந்து என் சட்டையைப் பிடித்தான்! சரியான கை வீச்சே ஆனாலும், எதிரே வண்டி வருகிறதா என்று நீங்கள் பார்க்காமல் ஏறக்கூடாது. கை வீசியபோது காலியாக இருந்த ரோடு நீங்கள் ஏறும்போது காலியாக இருக்காது.

கேள்வி: நான் ஸ்கூட்டிக்கு லைசென்ஸ் எடுக்கணும். எங்க போகணும்?

ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத்தான். இங்கே திட்டு பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் மேலே சொன்ன கை சைகைகளைப் படித்துக்கொண்டு போங்கள், அங்கேயும் கேட்பார்கள்.

கேள்வி: எதிரே வருபவர் லைட் அடித்தால் வழி விடுகிறார் என்கிறாரே என் நண்பர்?

நம்ம ஊரில் அப்படி நம்பிப் போகாதீர்கள். ‘நான் வரேன், நில்லு’ என்பதுதான் இங்கே வழக்கம். சந்துக்குள் மட்டும் சிலர் ‘நீ வா’ என்றும் அடிப்பார்கள். நான் லைட்டைப் பார்ப்பதே இல்லை, அந்த வண்டி நிற்கிறதா என்றுதான் பார்ப்பேன். தர்மபுரியில் பஸ் ஓட்டும் என் மச்சான் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.